பட்டர்வொர்த்தா, செபிஷெவ்வா? ஏ.டி.சி.க்கு முன்னால் வைக்கும் ஃபில்டரைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு பம்ப் மோட்டாரின் பேரிங்கில் அதிர்வு சென்சாரை ஒட்டி, வினாடிக்கு 20,000 சாம்பிள் எடுத்து ஸ்பெக்ட்ரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 4 கிலோஹெர்ட்ஸில் ஊசி மாதிரி ஒரு கோடு நின்றது. பேரிங்கின் பழுது அதிர்வெண்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் எதற்கும் ஒத்து வரவில்லை. மோட்டாரின் வேகத்தைக் குறைத்தால் மற்ற கோடுகளெல்லாம் நகர்ந்தன, இது மட்டும் அசையவில்லை. கடைசியில் சாம்பிளிங் வேகத்தை 20 கிலோஹெர்ட்ஸிலிருந்து 21-க்கு மாற்றினேன். கோடு 4-லிருந்து 5-க்குத் தாவியது. உண்மையான அதிர்வு என்றால் நாம் எவ்வளவு வேகமாகச் சாம்பிள் எடுக்கிறோம் என்பது அதற்குத் தெரியாது, இடம் மாறாது. மோட்டாரை ஓட்டிய டிரைவ் 16 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகிக்கொண்டிருந்தது. 20 கழித்தல் 16, நான்கு. 21 கழித்தல் 16, ஐந்து. அந்த 16 கிலோஹெர்ட்ஸ் சத்தம் மடிந்து வந்து என் அளவீட்டுக்குள் உட்கார்ந்துவிட்டது. இதுதான் ஏலியாசிங்.

மடிந்து உள்ளே வந்துவிட்டதை அப்புறம் மென்பொருளால் பிரித்தெடுக்க வழியில்லை. சங்கேதத்தை எண்களாக மாற்றும் ஏ.டி.சி.க்கு முன்னாலேயே ஓர் அனலாக் ஃபில்டர் தடுத்தாக வேண்டும். எந்த வகை ஃபில்டர் என்ற கேள்விக்கு, புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு வளைகோடுகளைப் பார்த்து விடை சொல்லிவிட முடியாது. இதே அதிர்வு அளவீட்டை எடுத்துக்கொண்டு, எண்களோடு கடைசிவரை போய்ப் பார்ப்போம்.

## இரண்டு வளைகோடுகளும் எதை நோக்கிப் போகின்றன

1930-ல் ஸ்டீபன் பட்டர்வொர்த் என்ற ஆங்கிலேயர் முன்வைத்த வடிவம், சுழி அதிர்வெண்ணில் முடிந்தவரை தட்டையாக இருக்க வேண்டும் என்ற ஒரே விருப்பத்தில் பிறந்தது. ஃபில்டரின் ஆர்டர் n என்றால், வீச்சு வளைகோட்டின் முதல் 2n−1 வகைக்கெழுக்களும் அங்கே சுழி. அதனால்தான் 'அதிகபட்சத் தட்டை' என்று பெயர். ஆனால் அந்தத் தட்டைத்தன்மை ஓரிடத்தில் கேட்டது. அங்கிருந்து விலக விலகச் சரிவு கூடிக்கொண்டே போகும். இழப்பு முழுவதும், நாம் கடந்துபோக விடும் பட்டையின் விளிம்பில் வந்து குவிந்துவிடும்.

செபிஷெவ் வகை வேறு மாதிரி யோசிக்கிறது. பட்டைக்குள் கொஞ்சம் பிழையை ஏற்கத் தயார் என்றால், அந்தப் பிழையை ஏன் விளிம்புக்கு மட்டும் ஒதுக்க வேண்டும்? பட்டை முழுவதும் சமமாகப் பங்கிட்டுவிடலாமே. வளைகோடு ஏறி இறங்கி, ஒவ்வொரு முறையும் அதே ஆழத்தைத் தொட்டுத் திரும்பும். இதுதான் சம அலைவு. இதன் பின்னால் இருக்கும் பல்லுறுப்புக் கோவைகளை ரஷ்யக் கணிதர் பஃப்னூட்டி செபிஷெவ் 1850-களில் கண்டெடுத்தார். நீராவி எந்திரத்தின் கம்பி இணைப்புகள் நேர்கோட்டிலிருந்து எவ்வளவு குறைவாக விலகும்படி செய்யலாம் என்று ஆராய்ந்ததில் கிடைத்தவை. மொத்தப் பிழையில் பெரியதைச் சிறியதாக்குவதுதான் அங்கும் கேள்வி, இங்கும் கேள்வி.

சூத்திரங்கள் இவை. A என்பது டெசிபலில் இழப்பு, fp என்பது பட்டையின் விளிம்பு, Ap என்பது விளிம்பில் நாம் அனுமதிக்கும் டெசிபல் பிழை, e என்பது அதிலிருந்து வரும் எண், Tn என்பது மேலே சொன்ன செபிஷெவ் பல்லுறுப்புக் கோவைகளில் n-ஆவது:

```
Butterworth:  A = 10·log10(1 + e²·(f/fp)^(2n))
Chebyshev:    A = 10·log10(1 + e²·Tn(f/fp)²)
e² = 10^(Ap/10) − 1
```

பட்டர்வொர்த்தையும் fp கொண்டு எழுதியிருப்பதைக் கவனியுங்கள். புத்தகங்களில் அது பெரும்பாலும் 3 டெசிபல் புள்ளியை வைத்து எழுதப்பட்டிருக்கும். செபிஷெவ்வுக்கோ அலைவு முடியும் விளிம்பை வைத்து எழுதியிருப்பார்கள். இரண்டு அட்டவணைகளையும் அப்படியே எடுத்து ஒப்பிட்டால் ஒப்பீடே பொய்யாகிவிடும். இரண்டுக்கும் ஒரே விளிம்பு, அதே விளிம்பில் ஒரே இழப்பு என்று வைத்தால்தான் நியாயம்.

அப்படி வைத்தால் ஓர் எளிய உண்மை தெரியும். விளிம்பிலிருந்து தொலைவில், Tn என்பது 2^(n−1) மடங்கு (f/fp)^n ஆகிவிடுகிறது. அதாவது இரண்டும் இறுதியில் ஒரே சாய்வில்தான் இறங்குகின்றன, ஆர்டருக்கு ஆக்டேவுக்கு 6 டெசிபல் வீதம். செபிஷெவ் 'செங்குத்தாக' விழுகிறது என்று சொல்வதெல்லாம் விளிம்பை ஒட்டிய பகுதியைப் பற்றித்தான். அந்தப் பகுதியில் அது சம்பாதிக்கும் முன்னிலை ஏறத்தாழ 6(n−1) டெசிபல். அதற்குப் பிறகு அந்த முன்னிலையோடு இணையாகவே ஓடும்.

## முதல் வேலை: மூன்று எண்களை எழுதிக்கொள்ளுங்கள்

ஃபில்டரைப் பற்றி யோசிப்பதற்கு முன் மூன்று எண்கள் வேண்டும்.

ஒன்று, நமக்கு வேண்டிய பட்டை எதுவரை. இந்த அளவீட்டில் 5 கிலோஹெர்ட்ஸ்.

இரண்டாவது, அந்தப் பட்டைக்குள் எவ்வளவு வீச்சுப் பிழை தாங்கும். 0.1 டெசிபல் என்று வைத்தேன். அது 1 சதவீதத்துக்குச் சற்று மேல். அதிர்வு சென்சாரின் உணர்திறனிலேயே சில சதவீதம் நிச்சயமின்மை இருக்கும்போது இதைவிட இறுக்கிப் பிடிப்பதில் பயனில்லை.

மூன்றாவது, மடிந்து வரக்கூடியதை எவ்வளவு அடக்க வேண்டும். இங்கேதான் பலர் அவசரப்படுகிறார்கள். '12 பிட் ஏ.டி.சி., ஆகவே 72 டெசிபல்' என்று எழுதிவிடுவார்கள். வெளியே இருக்கும் சத்தம் முழு அளவுக்குச் சமமாக இருந்தால்தான் அது சரி. ஆசிலாஸ்கோப்பை வைத்து வெளியே என்னதான் இருக்கிறது என்று பாருங்கள். என் மோட்டாரில் பட்டைக்கு வெளியே இருந்த பெரிய சத்தம் முழு அளவில் பத்தில் ஒரு பங்கு. 12 பிட்டில் முழு அளவு 4096 கவுண்ட். பத்தில் ஒன்று சுமார் 410 கவுண்ட். அதை ஒரு கவுண்டுக்கு இறக்கினால் போதும். 410 மடங்கு என்பது 52 டெசிபல். 72-க்கும் 52-க்கும் நடுவில் இருக்கும் 20 டெசிபல், கட்டத் தேவையில்லாத ஓரிரண்டு ஆப்-ஆம்ப்கள்.

இனி, அந்த 52 டெசிபல் எந்த அதிர்வெண்ணில் வேண்டும்? பாதிச் சாம்பிளிங் வேகத்தில், அதாவது 10 கிலோஹெர்ட்ஸில் என்று சொல்லத் தோன்றும். ஆனால் 10-க்குச் சற்று மேலே இருப்பது மடிந்தால் 10-க்குச் சற்றுக் கீழேதான் விழும். அந்தப் பகுதி நமக்கு வேண்டாத பகுதி. விழட்டும், பிறகு டிஜிட்டலாக வெட்டிவிடலாம். நம் 5 கிலோஹெர்ட்ஸ் பட்டைக்குள் விழக்கூடிய முதல் அதிர்வெண், சாம்பிளிங் வேகத்திலிருந்து பட்டையின் விளிம்பைக் கழித்தால் வருவது: 20 − 5 = 15 கிலோஹெர்ட்ஸ். ஃபில்டர் 5-லிருந்து 15-க்குள் இறங்கினால் போதும். இந்த ஒரு கழித்தல் தெரியாமல் ஃபில்டரை இரண்டு மடங்கு கடினமாக்கிக்கொண்டவர்கள் உண்டு.

## இரண்டாவது வேலை: இரண்டு வகைக்கும் ஆர்டரைக் கணக்கிடுங்கள்

விளிம்பில் 0.1 டெசிபல், மூன்று மடங்கு அதிர்வெண்ணில் 52 டெசிபல். சூத்திரத்தில் போட்டால் பட்டர்வொர்த்துக்கு 7.16 வருகிறது, ஆகவே 8-ஆம் ஆர்டர். செபிஷெவ்வுக்கு 4.86, ஆகவே 5-ஆம் ஆர்டர். ஒரே 5-ஆம் ஆர்டரில் இரண்டையும் வைத்துப் பார்த்தால் 15 கிலோஹெர்ட்ஸில் பட்டர்வொர்த் 31 டெசிபல்தான் தரும், செபிஷெவ் 54 தரும். சர்க்யூட்டில் பார்த்தால் நான்கு ஆப்-ஆம்ப் நிலைகளுக்கு எதிரே இரண்டு நிலைகளும் ஓர் ஆர்.சி.யும்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டால் செபிஷெவ் வென்றுவிட்டது. பெரும்பாலான ஒப்பீடுகள் இங்கேதான் நிற்கின்றன. ஆனால் சாம்பிளிங் வேகம் 20 கிலோஹெர்ட்ஸ் என்று யார் விதித்தது? இன்றைக்கு மைக்ரோகண்ட்ரோலருக்குள் இருக்கும் ஏ.டி.சி.கள் வினாடிக்குச் சில லட்சம் சாம்பிள் எடுக்கும். வேகத்தைக் கூட்டினால் மடிந்து விழும் முதல் அதிர்வெண் தள்ளிப் போகிறது. பைத்தானில் இப்படி ஓட்டிப் பாருங்கள்:

```python
from scipy.signal import buttord, cheb1ord
fb, ap, st = 5e3, 0.1, 52
for fs in (20e3, 30e3, 40e3, 50e3):
    nb, _ = buttord(fb, fs - fb, ap, st, analog=True)
    nc, _ = cheb1ord(fb, fs - fb, ap, st, analog=True)
    print(fs, nb, nc)
```

20 கிலோஹெர்ட்ஸில் 8-க்கு 5. 30-ல் 5-க்கு 4. 40-லும் 5-க்கு 4. அங்கே பட்டர்வொர்த்தின் கணக்கு 4.04, மயிரிழையில் ஐந்துக்குப் போகிறது. 50-ல் 4-க்கு 3. விளிம்புக்கும் தடைக்கும் இடையே இடம் தாராளமாக இருந்தால் செபிஷெவ்வின் முன்னிலை கரைந்துபோகிறது. 4-க்கும் 3-க்கும் உள்ள வித்தியாசம் சர்க்யூட்டில் ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர். ஆப்-ஆம்ப் எண்ணிக்கையில் பெரிய மாற்றமே இல்லை.

ஆகவே வளைகோட்டைத் தேர்ந்தெடுப்பதற்கு முன் சாம்பிளிங் வேகத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வேகத்தைக் கூட்ட முடிந்தால் பட்டர்வொர்த். முடியாவிட்டால் மட்டும் செபிஷெவ்வை எடுங்கள். அது ஏன் என்பதைக் கீழே உள்ள இரண்டு பகுதிகள் சொல்லும்.

## மூன்றாவது வேலை: உதிரிப்பாகங்களின் பிழையைச் சோதியுங்கள்

5-ஆம் ஆர்டர் 0.1 டெசிபல் செபிஷெவ்வை நிலைகளாகப் பிரித்தால் 2.7 கிலோஹெர்ட்ஸில் ஓர் ஆர்.சி., 3.99 கிலோஹெர்ட்ஸில் கியூ 0.915 உள்ள ஒரு நிலை, 5.47 கிலோஹெர்ட்ஸில் கியூ 3.28 உள்ள ஒரு நிலை. கியூ என்பது ஒரு நிலை தன் அதிர்வெண்ணில் சங்கேதத்தை எத்தனை மடங்காக்கும் என்பதைச் சொல்லும் எண். கடைசி நிலைதான் பட்டையின் விளிம்பைத் தூக்கிப் பிடிக்கிறது. மற்ற இரண்டும் 5 கிலோஹெர்ட்ஸில் கிட்டத்தட்ட 10 டெசிபல் இறக்கியிருக்கும், இது 9.8 டெசிபல் ஏற்றி அந்தப் பள்ளத்தை நிரப்புகிறது. பெரிய இழப்பும் பெரிய ஏற்றமும் ஒன்றையொன்று கழித்து, மீதி 0.1 டெசிபலுக்குள் நிற்க வேண்டும்.

இந்த நிலையின் அதிர்வெண் 3 சதவீதம் கீழே போனால் என்ன ஆகும்? 5 கிலோஹெர்ட்ஸில் அதன் ஏற்றம் 10.2 டெசிபல் ஆகிறது, அதாவது 0.4 டெசிபல் கூடுதல். 3 சதவீதம் மேலே போனால் 0.5 டெசிபல் குறைவு. 0.1 என்று காகிதத்தில் எழுதியது பலகையில் 0.5 ஆகிவிட்டது. 5 சதவீதக் கெபாசிட்டரும் 1 சதவீத ரெசிஸ்டரும் போட்டால் மோசமான சேர்க்கையில் 6 சதவீதம் வரை நகரக்கூடும். 3 சதவீதம் என்பது சாதாரணம். அந்தச் செலவில் 0.1 டெசிபல் அலைவு என்று கேட்பதே வீண். எல்லாவற்றையும் 1 சதவீதத்தில் வாங்கினால் மோசமான நிலையில் 2 சதவீதத்துக்குள் நிற்கும்.

பட்டர்வொர்த்திலும் இந்தச் சிக்கல் இல்லாமல் இல்லை. 20 கிலோஹெர்ட்ஸுக்கான அந்த 8-ஆம் ஆர்டரில் மிக உயர்ந்த கியூ 2.56, செபிஷெவ்வின் 3.28-க்கு வெகு தூரமில்லை. 'பட்டர்வொர்த் என்றால் கியூ குறைவு' என்று பொதுவாகச் சொல்வது அதே ஆர்டரில் ஒப்பிடும்போது சரி, ஒரே வேலையைச் செய்ய வைத்து ஒப்பிட்டால் அவ்வளவு சரியில்லை. உண்மையான விடுதலை 50 கிலோஹெர்ட்ஸில் கிடைக்கும் 4-ஆம் ஆர்டரில் இருக்கிறது. அதில் உயர்ந்த கியூ 1.31 மட்டுமே, அதன் அதிர்வெண்ணும் விளிம்பிலிருந்து தள்ளி 8 கிலோஹெர்ட்ஸில் நிற்கிறது. அதே 3 சதவீதம் கீழே நகர்ந்தாலும் 5 கிலோஹெர்ட்ஸில் 0.11 டெசிபல்தான் மாறும். கால்வாசி.

இன்னொன்று. பட்டர்வொர்த்தின் சரிவு ஒரே திசையில் மெதுவாக இறங்குவது. ஒருமுறை அளந்து டிஜிட்டலில் திருத்திவிடலாம். செபிஷெவ்வின் அலைவையும் திருத்தலாம்தான், ஆனால் வெப்பத்தோடு மேடும் பள்ளமும் இடம் மாறும்போது, நேற்றைய திருத்தமே இன்றைக்குப் பிழையாகிவிடும்.

## நான்காவது வேலை: தாமதத்தைப் பாருங்கள்

வீச்சு மட்டும் போதுமா, அலைவடிவமும் வேண்டுமா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். ஸ்பெக்ட்ரத்தில் கோடுகளின் உயரத்தை மட்டும் பார்ப்பவருக்குத் தாமதம் ஒரு பொருட்டில்லை. பேரிங்கில் ஒரு சிறு குழி விழுந்து, ஒவ்வொரு உருளையும் அதில் மோதும் அடியைக் காலக்கோட்டில் பார்க்க விரும்புபவருக்கு அதுவே எல்லாம். வெவ்வேறு அதிர்வெண்கள் வெவ்வேறு நேரம் தாமதமானால் கூரான அடி பரவி, பின்னால் வாலாடும்.

மூன்று வடிவங்களையும் கணக்கிட்டேன். 5-ஆம் ஆர்டர் செபிஷெவ்வில் தாழ்ந்த அதிர்வெண்ணில் தாமதம் 112 மைக்ரோவினாடி, 5 கிலோஹெர்ட்ஸில் 220, வித்தியாசம் 108. 8-ஆம் ஆர்டர் பட்டர்வொர்த்தில் 129-லிருந்து 185, வித்தியாசம் 56. 50 கிலோஹெர்ட்ஸுக்கான 4-ஆம் ஆர்டர் பட்டர்வொர்த்தில் 52-லிருந்து 65. வித்தியாசம் வெறும் 13. 5 கிலோஹெர்ட்ஸின் ஒரு சுற்று 200 மைக்ரோவினாடி என்பதை நினைத்துப் பார்த்தால், செபிஷெவ் விளிம்புச் சங்கேதத்தை அரைச் சுற்றுக்கும் மேல் தள்ளிவிடுகிறது என்று புரியும்.

பட்டர்வொர்த் என்றாலும் அலைவடிவம் அப்படியே வரும் என்று நம்பிவிடாதீர்கள். தட்டையாக இருப்பது வீச்சு மட்டும். 4-ஆம் ஆர்டர் பட்டர்வொர்த்துக்குள் ஒரு படிக்கட்டுச் சங்கேதத்தை அனுப்பினால் சுமார் 11 சதவீதம் மேலே பாய்ந்துதான் அடங்கும். அதுவும் கூடாது என்றால் தாமதத்தைத் தட்டையாக வைக்கும் பெசல் வகைக்குப் போக வேண்டும், அதற்குச் சாம்பிளிங் வேகத்தை இன்னும் கூட்ட வேண்டியிருக்கும்.

## ஐந்தாவது வேலை: கட்டுங்கள்

நான் கட்டியது 50 கிலோஹெர்ட்ஸுக்கான 4-ஆம் ஆர்டர் பட்டர்வொர்த். 3 டெசிபல் புள்ளி 8 கிலோஹெர்ட்ஸ். பட்டை 5 என்பதால் 3 டெசிபல் புள்ளியையும் 5-ல் வைத்துவிடுவது பரவலான தவறு; அப்படி வைத்தால் விளிம்பில் 29 சதவீத வீச்சு காணாமல் போகும். 8-ல் வைத்தால் 5-ல் 0.1 டெசிபல், 45-ல் 60 டெசிபல். நாம் கேட்ட 52-ஐவிட 8 டெசிபல் கையிருப்பு.

ஒற்றைப் பெருக்கமுள்ள சாலன்-கீ நிலைகள் இரண்டு போதும். ஒவ்வொரு நிலையிலும் இரண்டு ரெசிஸ்டர்களையும் சமமாக வைத்தால் கியூவைக் கெபாசிட்டர்களின் விகிதமே தீர்மானிக்கும். C1 என்பது வெளியீட்டிலிருந்து திரும்பி வரும் கெபாசிட்டர், C2 தரைக்குப் போவது:

```
Q  = 0.5·sqrt(C1/C2)
f0 = 1 / (2π·R·sqrt(C1·C2))

நிலை 1: R = 18.2k,  C1 = 1.2 nF, C2 = 1 nF   (Q = 0.55)
நிலை 2: R = 7.68k,  C1 = 6.8 nF, C2 = 1 nF   (Q = 1.30)
```

கடையில் கிடைக்கும் மதிப்புகளுக்கு ஒதுக்கியதால் நிலை 1-ன் கியூ 0.541-க்குப் பதில் 0.548 ஆகியிருக்கிறது. திரும்பக் கணக்கிட்டுப் பார்த்தேன்: 3 கிலோஹெர்ட்ஸில் 0.05 டெசிபல் மேலே, 5-ல் 0.01 கீழே. அனுமதித்த 0.1-க்குள்ளேயே நிற்கிறது.

கியூ குறைந்த நிலையை முன்னால் வையுங்கள். உயர்ந்த கியூ உள்ள நிலை தன் அதிர்வெண் அருகே சங்கேதத்தைப் பெருக்கும். செபிஷெவ்வின் 3.28 என்றால் மூன்று மடங்குக்கு மேல்; அது முதலில் நின்றால் மொத்த வெளியீடு சரியாகத் தெரிந்தாலும் நடுவில் ஆப்-ஆம்ப் உச்சியில் முட்டிக்கொண்டிருக்கும்.

கெபாசிட்டர் என்.பி.ஓ. வகை செராமிக்காகவோ பிலிமாகவோ இருக்கட்டும். எக்ஸ்7ஆர் வகையின் மதிப்பு அதன் மேலுள்ள மின்னழுத்தத்தோடு மாறும். சங்கேதம் ஏறி இறங்கும்போது ஃபில்டரின் அதிர்வெண்ணும் ஏறி இறங்கி, மூலத்தில் இல்லாத ஹார்மோனிக்குகளை உண்டாக்கும். பேரிங் பழுதும் ஹார்மோனிக்குகளாகத்தான் தெரியும் என்பதால் இது மிகவும் ஏமாற்றக்கூடிய தவறு.

சாலன்-கீயில் ஒரு பலவீனம் உண்டு. மிக உயர்ந்த அதிர்வெண்ணில் ஆப்-ஆம்பின் வெளியீட்டு மின்மறுப்பு ஏறிவிடும். அப்போது C1 வழியாக உள்ளீடு நேராக வெளியீட்டுக்குக் கசியும். இறங்கிக்கொண்டிருந்த வளைகோடு திரும்ப ஏறத் தொடங்கும். டிரைவ்களின் சுவிட்சிங் சத்தம் மெகாஹெர்ட்ஸ் வரை நீளும் என்பதால் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. ஏ.டி.சி.யின் காலுக்கு முன்னால் 100 ஓம் ரெசிஸ்டரும் தரைக்கு 10 நானோஃபாரட் கெபாசிட்டரும் வையுங்கள். அதன் 3 டெசிபல் புள்ளி 159 கிலோஹெர்ட்ஸ், பட்டைக்குள் அதன் இழப்பு ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். கசிவை அடக்குவதோடு, ஏ.டி.சி. ஒவ்வொரு முறை சாம்பிள் எடுக்கும்போதும் இழுக்கும் மின்னூட்டத்தையும் அந்தக் கெபாசிட்டரே கொடுத்துவிடும்.

## ஆறாவது வேலை: சம அலைவை டிஜிட்டலில் பயன்படுத்துங்கள்

50 கிலோஹெர்ட்ஸில் எடுத்த சாம்பிள்களை அப்படியே சேமிக்கத் தேவையில்லை. 16 கிலோஹெர்ட்ஸ் சத்தம் இப்போது 16-லேயே, தன் உண்மையான இடத்தில், 24 டெசிபல் குறைந்து நிற்கிறது. அதை வெட்டிவிட்டு நான்கில் ஒரு சாம்பிளை மட்டும் வைத்துக்கொண்டால் 12.5 கிலோஹெர்ட்ஸ் தரவு கிடைக்கும். இங்கே வேண்டியது கூர்மையான ஃபில்டர்: 5 வரை விட வேண்டும், 7.5-லிருந்து அடைக்க வேண்டும்.

சம அலைவுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. பார்க்ஸும் மெக்லெல்லனும் 1972-ல் வெளியிட்ட முறை, செபிஷெவ்வின் அதே கருத்தை டிஜிட்டல் ஃபில்டருக்குக் கொண்டுவந்தது. ஒரு வரி போதும்:

```python
from scipy.signal import remez
h = remez(55, [0, 5e3, 7.5e3, 25e3], [1, 0], weight=[1, 6], fs=50e3)
```

55 குணகங்களில் பட்டைக்குள் சுமார் 0.05 டெசிபல் அலைவும் வெளியே சுமார் 60 டெசிபல் அடைப்பும் கிடைக்கும். தாமதம் 27 சாம்பிள், 540 மைக்ரோவினாடி. அது கூடுதல்தான், ஆனால் எல்லா அதிர்வெண்ணுக்கும் ஒரே அளவு; ஆகவே அலைவடிவம் கெடாது. குணகங்கள் வெப்பத்தில் நகராது, 5 சதவீதப் பிழையோடு வராது. அனலாக்கில் சம அலைவு எதற்கெல்லாம் தடுமாறியதோ, அவை எதுவும் இங்கே இல்லை.

## எப்போது செபிஷெவ்வையே அனலாக்கில் எடுப்பேன்

சாம்பிளிங் வேகம் உண்மையிலேயே கையில் இல்லாத இடங்கள் உண்டு. ஒரே ஏ.டி.சி. எட்டுச் சேனல்களை மாற்றி மாற்றிப் படிக்கும்போது வேகம் எட்டாகப் பங்கிடப்படும். பேட்டரியில் மாதக்கணக்கில் ஓட வேண்டிய கருவியில் ஒவ்வொரு சாம்பிளுக்கும் மின்சாரச் செலவு இருக்கிறது. ஏற்கெனவே வயலில் இருக்கும் கருவியின் வேகத்தை மாற்ற அனுமதி இருக்காது. அங்கெல்லாம், வீச்சு மட்டும் போதும் என்றால், செபிஷெவ்வைத் தயங்காமல் எடுப்பேன். 1 சதவீதப் பாகங்களைப் போடுவேன்.

அலைவின் அளவையும் அந்தப் பாகங்களைப் பார்த்தே முடிவு செய்வேன். அலைவைக் கூட்டினால் தடை கூடும், ஆனால் கியூவும் தாமத வேறுபாடும் சேர்ந்து கூடும். இரட்டைப்படை ஆர்டரில் ஒரு சிறு விஷயம் நினைவிருக்கட்டும்: வளைகோடு சுழி அதிர்வெண்ணில் பள்ளத்திலிருந்துதான் தொடங்கும். ஒற்றைப் பெருக்கமுள்ள நிலைகளால் கட்டினால் சுழியில் பெருக்கம் 1 என்று நின்றுவிடுவதால், அலைவு முழுவதும் 1-க்கு மேலே ஏறித் தெரியும். கணக்கு தப்பு என்று நினைத்துப் பலகையைப் பிரிக்க வேண்டாம். ஒற்றைப்படை ஆர்டரை எடுத்தால் இந்தக் குழப்பமே வராது.

## ஏழாவது வேலை: மடிப்பையே அளந்து பாருங்கள்

ஃபில்டரின் வெளியீட்டை ஆசிலாஸ்கோப்பில் பார்ப்பது பாதிச் சோதனைதான். 60 டெசிபல் கீழே இருப்பதை அது காட்டாது. ஏ.டி.சி.யையே அளவுகோலாக்குங்கள்.

சிக்னல் ஜெனரேட்டரில் 1 கிலோஹெர்ட்ஸ், 1 வோல்ட் கொடுத்து ஸ்பெக்ட்ரத்தில் கோட்டின் உயரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே வோல்ட்டில் 5 கிலோஹெர்ட்ஸுக்குப் போங்கள், வித்தியாசம் 0.1 டெசிபலுக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் கூடினாலோ குறைந்தாலோ முதலில் நிலை 2-ன் கெபாசிட்டர்களை மீட்டரில் அளந்து பாருங்கள், அங்கேதான் கியூ அதிகம்.

அப்புறம் 46 கிலோஹெர்ட்ஸ் கொடுங்கள். சாம்பிளிங் 50 என்பதால் அது 4 கிலோஹெர்ட்ஸில் மடிந்து விழும். 8 கிலோஹெர்ட்ஸ் ஃபில்டர் 46-ல் 61 டெசிபல் அடைக்கும், ஆகவே 1 வோல்ட்டுக்கு 4 கிலோஹெர்ட்ஸில் 1 மில்லிவோல்ட்டுக்குச் சற்றுக் குறைவான கோடு தெரிய வேண்டும். அது ஒரு கவுண்டை ஒட்டிய அளவுதான், ஆனாலும் சில ஆயிரம் சாம்பிள்களை வைத்து எஃப்.எஃப்.டி. எடுத்தால் இரைச்சலுக்கு மேலே தெளிவாக நிற்கும். ஜெனரேட்டரை 46.1-க்கு நகர்த்தினால் கோடு 3.9-க்கு, எதிர்த் திசையில், நகர வேண்டும். அப்படி நகர்ந்தால் நீங்கள் பார்ப்பது மடிப்பைத்தான். ஜெனரேட்டர் தன் சொந்தக் கசடாக வெளியிடும் 4 கிலோஹெர்ட்ஸை அல்ல.

கடைசியாக அதிர்வெண்ணை 1.004 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றுங்கள். இருபது மடங்கு 50 என்பது 1 மெகாஹெர்ட்ஸ், மீதி 4. அதே இடத்தில்தான் விழும். கோடு 46 கிலோஹெர்ட்ஸில் இருந்ததைவிட உயரமாக எழுந்தால் ஆப்-ஆம்ப் கசிகிறது என்று அர்த்தம். அப்போது ஏ.டி.சி. காலருகே உள்ள 10 நானோஃபாரட்டின் தரை இணைப்பு நீளமாகப் போயிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சென்சார் உள்ளே வரும் இடத்தில் இன்னோர் ஆர்.சி.யைச் சேருங்கள்.